வாழ்க உங்கள் தொண்டு

முதலில் அந்தச் செய்தியை அப்படியே தந்துவிடுகிறேன்.

"ஆகா, அருமையான அப்டேட்ங்க. காலைல ஆறு மணிக்கு வெச்ச அலாரம் பதினொன்றரைக்கு அடிக்குது. நல்லாத் தூங்க விட்டதுக்கு ரொம்ப நன்றி. சின்னப் பிழையாம், சரிபண்ணிட்டாங்களாம். கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பின கதையா, இப்போ ஞாயித்துக்கிழமையும் அடிக்குது. வாழ்க உங்கள் தொண்டு 🙏"

தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஒரு நினைவூட்டல் செயலிக்கு, தமிழில் வரும் செய்திகளை ஆங்கிலத்தில் மாற்றி எழுதித் தருவது என் வேலைகளில் ஒன்று. நிரல் எழுதுகிறவர்கள் மூன்று பேர். ஒருவருக்குப் போர்த்துகீசியம் தாய்மொழி, ஒருவருக்கு ஜப்பானியம், இன்னொருவருக்கு ஜெர்மன். மூவரும் ஆங்கிலத்தைப் படித்துக் கற்றவர்கள். ஆக, நான் ஆங்கிலத்தில் எழுதினாலும் எழுதுவது ஆங்கிலேயருக்காக அல்ல. இந்த ஒரு விஷயம் மண்டையில் ஏற எனக்கு ரொம்ப நாள் ஆனது.

மேலே இருக்கும் செய்தியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல நக்கல். இதை ஏன் கெடுப்பானேன், படிக்கிறவர்களும் சிரிக்கட்டும் என்று வரிக்கு வரி மாற்றி அனுப்பினேன். "அருமையான அப்டேட்" அருமையாகவே போனது. "நன்றாகத் தூங்க விட்டதற்கு மிக்க நன்றி", அதுவும் நன்றியாகவே போனது. கிணறும் பூதமும்கூடப் போயின. கடைசி வரி "உங்கள் சேவை நீடூழி வாழ்க" என்று கைகூப்பியபடி போய்ச் சேர்ந்தது.

மறுநாள் பதில் வந்தது. பாராட்டுக்கு நன்றி, தாங்கள் நன்றாகத் தூங்கியதில் எங்களுக்கும் மகிழ்ச்சி, கிணற்றுப் பூதம் என்பது செயலியில் எந்தப் பகுதி என்று புரியவில்லை, திரைப்பிடிப்பு எடுத்து அனுப்ப முடியுமா? அன்று பதில் அனுப்பும் பொறுப்பில் இருந்த இன்னொரு தன்னார்வலர் மூலச்செய்தியைப் பார்க்கவில்லை. வந்ததைத் தமிழாக்கி அனுப்பிவிட்டார். அந்தப் பயனரிடமிருந்து ஒரே வரி வந்தது: "என்ன, நக்கலா?"

கேலியை நிஜமென்று நம்பி எழுதிய பதில், கேலியாகத் திரும்பிப் போய்ச் சேர்ந்துவிட்டது. நிரல் எழுதினவர் மனதார மகிழ்ந்திருக்கிறார். படித்தவரோ தன்னை வைத்து விளையாடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார். இடையில் நின்றது நான்.

இதில் என் தப்பு கேலியைக் கவனிக்காதது அல்ல. எனக்குப் புரிந்துவிட்டது என்பதாலேயே அடுத்தவருக்கும் புரியும் என்று எடுத்துக்கொண்டதுதான். இதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஜஸ்டின் குரூகரும் இன்னும் சில உளவியலாளர்களும் 2005இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கேலியாகச் சொன்னதா நிஜமாகச் சொன்னதா என்று எதிராளி சரியாகக் கண்டுபிடிப்பாரா என்று சோதித்தார்கள். மின்னஞ்சலில் எழுதியவர்கள், நூற்றில் 78 தடவை கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நம்பினார்கள். நடந்தது 56. இரண்டில் ஒன்று என்பதால் நாணயத்தைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். இத்தனைக்கும் எழுதியவரும் படித்தவரும் ஒரே மொழிக்காரர்கள். நடுவில் மொழிமாற்றம் வேறு வந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கிணற்றுப் பூதமே சாட்சி.

சரி, தமிழில் ஒருவர் கேலி செய்கிறார் என்று நமக்கு எப்படித் தெரிகிறது? தெரிகிறது என்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். ஆனால் மாற்றி எழுதுகிறவருக்கு அது போதாது. எந்தச் சொல்லில் தெரிகிறது என்று விரலை வைத்துக் காட்டத் தெரிய வேண்டும். அந்தச் சொல்தான் பெரும்பாலும் அடுத்த மொழிக்குள் போகும்போது காணாமல் போவது.

கடைசி வரியை எடுத்துக்கொள்ளுங்கள். "வெச்ச", "அடிக்குது", "சரிபண்ணிட்டாங்களாம்" என்று முழுக்கப் பேச்சுத்தமிழில் வந்துகொண்டிருந்தவர் திடீரென்று மேடையேறி "வாழ்க உங்கள் தொண்டு" என்கிறார். பேச்சு நடுவே செந்தமிழ் எட்டிப் பார்த்தால் நமக்குக் காது விறைத்துக்கொள்ளும். "தங்கள் சித்தம்", "அப்படியே ஆகட்டும் மன்னா" என்றெல்லாம் நண்பர்கள் எழுதுவது இந்த வகைதான். தமிழுக்குப் பேச்சு நடை ஒன்று, எழுத்து நடை ஒன்று என்று இரண்டு இருப்பதால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதே ஒரு கண்ணடிப்பு ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் இந்த இடைவெளி இவ்வளவு அகலம் கிடையாது. அதில் நீங்கள் எவ்வளவு கம்பீரமாக எழுதினாலும், படிக்கிறவர் அதை வெறும் மரியாதை என்று எடுத்துக்கொள்ளவே வாய்ப்பு அதிகம். ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ளவர் நிச்சயம் அப்படித்தான் எடுப்பார். கற்றுக்கொண்ட மொழியில் எது கம்பீரம், எது மிகைக் கம்பீரம் என்று பிரித்துப் பார்ப்பது கடைசியாக வரும் திறமை.

இதற்குப் பக்கத்து வீடு, மரியாதை ஏறுவது. நேற்று வரை "நீ" என்று எழுதிய நண்பன் இன்று "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்" என்று எழுதினால் அவனுக்குக் கோபம். இங்கே ஜெர்மன்காரருக்குச் சொல்லிப் புரியவைப்பது எளிது, அவர்கள் மொழியிலும் நீ, நீங்கள் உண்டு. ஜப்பானியருக்கு அதைவிட எளிது, மரியாதைச் சொற்களின் அடுக்குகளிலேயே வாழ்கிறவர்கள். நடுவில் இருக்கும் ஆங்கிலம்தான் இரண்டையும் ஒரே சொல்லில் தட்டையாக்கிவிடுகிறது. அதாவது தொடக்கத்திலும் முடிவிலும் இருக்கிற ஒரு நுணுக்கம் இடைவழியில் தொலைகிறது. அதனால் இப்போதெல்லாம் "இதுவரை நண்பரைப் போல எழுதியவர், இந்த வரியில் திடீரென்று மிகை மரியாதைக்கு மாறுகிறார்" என்று ஒரு குறிப்பைச் சேர்த்துவிடுவேன். ஆங்கிலத்தில் அது அசிங்கமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

அப்புறம் அந்த "ஆம்". "சின்னப் பிழையாம், சரிபண்ணிட்டாங்களாம்." இந்தச் சின்ன விகுதிக்கு இருக்கும் வேலை கொஞ்சநஞ்சமல்ல. பிறர் சொன்னதைச் சொல்கிறேன், நான் பொறுப்பல்ல என்பது அதன் அடிப்படை. "நாளைக்கு மழை வருமாம்" என்பதில் கேலி ஏதுமில்லை. ஆனால் சொன்னதற்கும் கண்முன் இருப்பதற்கும் ஒத்துவராத இடத்தில் அதே "ஆம்" போட்டால், சொன்னவர் முகத்தில் அவர் சொல்லையே திருப்பி எறிவதாகிறது. "ரொம்ப பிஸியாம்." இதை மாற்றி எழுதும்போது விகுதியை விட்டுவிட்டால், "சின்னப் பிழை, சரிசெய்துவிட்டார்கள்" என்று ஆகிவிடும். பிழை சரியாகிவிட்டது என்று பயனரே சான்றிதழ் கொடுத்ததாக அர்த்தம்! என் முதல் வடிவில் நடந்ததும் இதுதான். அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு, போர்த்துகீசியக்காரர் அந்தப் பிழைக்கான கோப்பை மூடியே விட்டார்.

டான் ஸ்பெர்பரும் டெய்ட்ரி வில்சனும் 1981இல் முன்வைத்த ஒரு விளக்கம் எனக்கு இந்த இடத்தில் பிடிபட்டது. நினைப்பதற்கு நேர்மாறாகச் சொல்வதுதான் கேலி என்பது பழைய விளக்கம். அவர்கள் அதை மறுத்தார்கள். கேலி செய்கிறவர் யாரோ சொன்னதை, அல்லது சொல்லியிருக்கக் கூடியதை எதிரொலிக்கிறார். எதிரொலிக்கும்போதே அதிலிருந்து விலகியும் நிற்கிறார் என்றார்கள். தமிழ்க்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம், "ஆம்" என்ற விகுதி அதைத்தானே செய்கிறது. மாற்றி எழுதுகிறவருக்கு இதிலிருந்து நேரடியாக ஒரு வேலை கிடைக்கிறது. கேலி கண்ணில் பட்டால், யாருடைய எந்தச் சொல்லை இது எதிரொலிக்கிறது என்று தேடு. கிடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

இந்தச் செய்தியில் அது கிடைத்தது. அந்த வாரம் வந்த புதுப்பதிப்பின் குறிப்பில் நினைவூட்டல் நேரத்தில் இருந்த ஒரு சிறு பிழை சரிசெய்யப்பட்டது என்று ஒரு வரி. எழுதியது அதே மூவர். "சின்னப் பிழையாம்" என்பது அவர்கள் வாக்கியத்தின் எதிரொலி. அதை அடையாளம் கண்டதும் கேலியைக் கொல்லாமலேயே கடத்த வழி பிறந்தது. புதுப்பதிப்புக் குறிப்பின் ஆங்கில வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் அப்படியே எடுத்து வைத்து, "என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், பயனர் இதை நம்பவில்லை" என்று ஒட்ட வேண்டியதுதான். தங்கள் சொல்லே தங்களிடம் திரும்பி வரும்போது எந்த மொழிக்காரருக்கும் சுருக்கென்று தைக்கும். ஆனால் எதிரொலிக்கப்படும் சொல் வாசகருக்குத் தெரியாதது என்றால், ஒரு மேடைப்பேச்சையோ பழைய விளம்பரத்தையோ பயனர் எதிரொலிக்கிறார் என்றால், இந்த வழி அடைபட்டுவிடும். அப்போது கேலியை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சொல்வதே உத்தமம்.

மேற்கோள் குறியும் "ஆம்"மும் இல்லாத கேலி நிறைய உண்டு. அங்கே நான் பார்ப்பது ஒன்றைத்தான். பாராட்டுச் சொல்லுக்குப் பக்கத்தில் நிற்கும் தகவல் பாராட்டத் தக்கதா? "அருமையான அப்டேட்" என்பதற்கு அடுத்த வரி அலாரம் ஐந்தரை மணி நேரம் தாமதம். பொருந்தவில்லை. பொருந்தாத இடத்தில் தகவலை நம்பு, பாராட்டை நம்பாதே. இதற்கு நேர் எதிரான தப்பையும் சொல்லிவிடுகிறேன், அதையும் செய்திருக்கிறேன். "பின்னிட்டீங்க", "மிரட்டிட்டீங்க", "கொல்றீங்க போங்க" எல்லாம் அடிதடிச் சொற்கள். ஆனால் அசல் பாராட்டு. "கிழிச்சிட்டீங்க" என்பது தனியாக வந்தால் பெரும்பாலும் பாராட்டு. "என்னத்தக் கிழிச்சீங்க" என்றால் திட்டு. ஒரே வினைச்சொல், கேள்விச் சொல் ஒன்று சேர்ந்ததும் தலைகீழ். சொல்லை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம்.

இனி அந்தப் பூதம்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்றால் ஒன்றைச் செய்யப் போய் எதிர்பாராத வேறொரு தொல்லை முளைத்தது என்று நமக்குத் தெரியும். பூதம் போய்க் குழப்பம் விளைவித்தபின், நான் அடுத்துச் செய்தது இன்னொரு முட்டாள்தனம். ஆங்கிலத்தில் இதற்கு இணையான மரபுத்தொடர் ஒன்று உண்டே, புழுக்கள் நிறைந்த டப்பாவைத் திறந்துவிட்டார்கள் என்பார்கள், அதைப் போட்டால் ஆயிற்று என்று போட்டேன். எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்கத் தோன்றியது. ஜப்பானியர் திருப்பிக் கேட்டார்: புழு என்பது நாம் பிழைக்குச் சொல்லும் பூச்சியா? டப்பா என்பது எந்தக் கோப்பு? பூதத்தை ஓட்டிவிட்டுப் புழுவை விட்டிருக்கிறேன்.

மரபுத்தொடருக்கு மரபுத்தொடர் என்பது இலக்கிய மொழிபெயர்ப்பில் நல்ல வழியாக இருக்கலாம். அங்கே வாசகர் அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்தவர். ஆனால் இடைமொழியில் எழுதும்போது, இணை மரபுத்தொடர் என்பது ஒரு பூட்டைத் திறந்துவிட்டு அதே இடத்தில் இன்னொரு பூட்டை மாட்டுவது. அதுவும் படிக்கிறவர் கையில் சாவி இருக்கிறதா என்று தெரியாமல். வாசகர் அந்த மொழியின் பிறப்பு வாசகர் என்று உறுதியாகத் தெரிந்தாலன்றி இப்போது நான் அந்தப் பக்கமே போவதில்லை. பூதம் என்ன சொல்கிறது? பழைய பிழையைச் சரிசெய்த மாற்றமே புதிய பிழையை உண்டாக்கியிருக்கிறது என்று பயனர் கருதுகிறார். அவ்வளவுதான். எழுதினால் ஒரே வாக்கியம், எந்த அகராதியும் வேண்டாம்.

கவனித்தீர்களா, அந்த மரபுத்தொடர் வெறும் அலங்காரம் இல்லை. அதில் ஒரு காரண-காரியம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அலாரம் அடிப்பது தனிப்பிழை அல்ல, திருத்தத்தின் விளைவு என்று அவர் துப்புக் கொடுக்கிறார். "மேலும், ஞாயிற்றுக்கிழமையும் அடிக்கிறது" என்று பூதத்தைச் சும்மா வெட்டி எறிந்திருந்தால் அந்தத் துப்பும் போயிருக்கும். மரபுத்தொடரை நீக்கும்போது கொஞ்சம் நின்று, இது வாக்கியங்களுக்கு நடுவில் ஏதாவது உறவைச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. "மண்டை காயுது" போன்றவை எரிச்சலின் அளவை மட்டும் சொல்கின்றன. "கம்பி நீட்டிட்டார்" என்பது சொல்லாமல் நழுவினார் என்ற செய்தியையே சொல்கிறது. இரண்டுக்கும் ஒரே கத்தரி போடக் கூடாது.

மிகையும் அப்படித்தான். பதினொன்றரை என்பது கேலிச் செய்தியில் வந்த எண். எரிச்சலில் வாய்க்கு வந்த நேரத்தைச் சொல்லியிருப்பார் என்று முதலில் நினைத்து, "பல மணி நேரம் தாமதமாக" என்று மழுப்பத் தயாராக இருந்தேன். ஆனால் மிகைப்படுத்துகிறவர்கள் பதினொன்றரை என்று சொல்வதில்லை. "ராத்திரிதான் அடிக்குது", "அடுத்த வருஷம் அடிக்கும்" என்பார்கள். அரை மணிக் கணக்கு சொல்கிறவர் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். எண்ணை அப்படியே விட்டேன். அதைப் பார்த்த ஜெர்மன்காரருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆறுக்கும் பதினொன்றரைக்கும் இடையே ஐந்தரை மணி. அந்தப் பயனர் இருக்கும் இடத்தின் நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முந்தியது. ஆக, அவர் வைத்த 06:00ஐப் புதுப்பதிப்பு உள்ளூர் நேரமாக எடுக்காமல் UTC எனப்படும் அந்தப் பொது நேரமாக எடுத்துக்கொண்டது. ஞாயிறுப் பிழையும் பக்கத்திலேயே அகப்பட்டது. திருத்தத்தில் நாட்களை எண்ணும் முறையை மாற்றியிருக்கிறார்கள். பழைய முறையில் ஞாயிறு 0, புதிய முறையில் 7. விடுமுறைப் பட்டியலில் 0 என்று இருந்ததை 7 கண்டுகொள்ளவில்லை. பூதம் சொன்னது சரி.

கடைசியில் நான் அனுப்பிய வடிவத்தைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"புதுப்பதிப்புக்குப் பிறகு, காலை 6:00க்கு வைத்த அலாரம் 11:30க்கு அடிக்கிறது. பயனர் இதனால் தூங்கிவிட்டார். விடுமுறை என்று குறித்த ஞாயிற்றுக்கிழமையிலும் அடிக்கிறது. முந்தைய திருத்தமே இதற்குக் காரணம் என்று கருதுகிறார். புதுப்பதிப்புக் குறிப்பில் 'சிறு பிழை சரிசெய்யப்பட்டது' என்று நீங்கள் எழுதியதைச் சுட்டி, அது சரியாகவில்லை என்கிறார். தொனி: மூலத்தில் பாராட்டும் நன்றியும் கேலியாகச் சொல்லப்பட்டவை. கோபம் இருக்கிறது, வசை இல்லை. பதிலில் 'பாராட்டுக்கு நன்றி' வேண்டாம்."

நகைச்சுவை போய்விட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொனி வரியைத் தகவல் வரிகளோடு கலக்காமல் தனியே வைத்ததில் ஒரு வசதி. நிரல் எழுதுகிறவர் மேலே இருப்பதை மட்டும் படித்து வேலையைத் தொடங்கலாம். பதில் எழுதுகிறவர் கீழே இருப்பதைப் படித்தால் போதும். "கோபமாக இருக்கிறார்" என்று மட்டும் எழுதாமல் எவ்வளவு கோபம் என்றும் எழுதப் பழகிக்கொண்டேன். கேலி செய்கிறவர் இன்னும் நம்மோடு பேசிக்கொண்டிருக்கிறார். செயலியை நீக்கிவிட்டுப் போகிறவர் யாரும் "வாழ்க உங்கள் தொண்டு" என்று எழுதிக்கொண்டிருக்க மாட்டார்.

நகைச்சுவையில் என்னை அதிகம் படுத்துவது சொல் விளையாட்டு. இதே சமயம் இன்னொருவர் எழுதியது: "அலாரம் அடிக்கலை. அதான் ஆபீஸ்ல மேனேஜர் அடிச்சார்." தமிழில் மணியும் அடிக்கும், மனிதரும் அடிப்பார், அதனால் சிரிப்பு. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி இதை வரிக்கு வரி மாற்றிவிட்டான். அலாரம் ஒலிக்காததால் மேலாளர் அவரைத் தாக்கினார் என்று போய்ச் சேர்ந்தது. பயனருக்கு ஏதாவது உதவி வேண்டுமா, யாரிடம் புகார் செய்வது என்று மூவரும் பதறிவிட்டார்கள். தம்பி என்னிடம் வந்து, "அக்கா, அடிச்சார்னா அடிச்சார்னுதானே எழுதணும்?" என்றான். நியாயமான கேள்விதான். நான் சொன்னது, அந்த வாக்கியத்தில் "அடிச்சார்" என்ற சொல் இருப்பதற்குக் காரணம் அதற்கு முன்னால் "அடிக்கலை" இருப்பது. அலாரம் "ஒலிக்கலை" என்று அவர் எழுதியிருந்தால் மேலாளர் "திட்டினார்" என்றுதான் எழுதியிருப்பார். ஒரு சொல்லை மாற்றினால் அடுத்த சொல்லும் மாறிவிடும் என்றால் அது விளையாட்டு. "அலாரம் ஒலிக்கவில்லை, தாமதமானதால் மேலாளரிடம் திட்டு வாங்கினார், மூலத்தில் இது ஒரு சொல் விளையாட்டு, சிரித்துக்கொண்டே சொல்கிறார்." விளையாட்டை விளக்க நான் முயல்வதில்லை. விளக்கிய நகைச்சுவையைப் படித்து யாரும் இதுவரை சிரித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் இதே அளவுகோலை ஓரிடத்தில் நான் பயன்படுத்துவதில்லை. "செத்தேன்", "உயிரை வாங்குறீங்க", "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா போனோட நானும் கிணத்துல குதிச்சிடுவேன்" மாதிரி வருவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வெறும் எரிச்சல் என்று என் அனுபவம் சொல்லும். அந்த மீதி ஒன்றை மொழிநடையை வைத்துத் தீர்மானிக்க எனக்குத் தைரியம் கிடையாது. சுற்றிலும் கேலி இருந்து, செயலியைப் பற்றியே பேச்சும் இருந்தால், மிகையாகச் சொல்லப்பட்ட எரிச்சல் என்று எழுதுவேன். செயலியை விட்டு விலகி அவர் வாழ்க்கையைப் பற்றிய பேச்சாக அது மாறினால், அந்த வரியை நேர்ப்பொருளிலேயே வைத்து, பக்கத்தில் மூலத்தையும் ஒட்டி, தமிழ் தெரிந்த இன்னொருவர் உடனே பார்க்க வேண்டும் என்று எழுதிவிடுவேன். அங்கே மென்மையாக்கும் உரிமை எனக்கில்லை.

சிரிப்புக் குறிகளைப் பற்றிக் கொஞ்சம். எழுத்தில் விளையாட்டுக்கு அடையாளம் வைப்பது புதிய யோசனை அல்ல. 1982 செப்டம்பர் 19 அன்று கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஃபால்மன் `:-)` என்ற குறியை முன்வைத்ததே, மின்தூக்கியில் பாதரசம் கொட்டிவிட்டது என்று வேடிக்கையாக எழுதியதைச் சிலர் நிஜ எச்சரிக்கையாக எடுத்துக்கொண்ட பிறகுதான். ஆனால் குறிக்கும் மொழி உண்டு. தாய்லாந்துக்காரர் `555` என்று எழுதினால் சிரிக்கிறார், அம்மொழியில் ஐந்துக்கு "ஹா" என்று பெயர். பிரேசிலில் `kkkk` சிரிப்பு. ரஷ்ய மொழியில் வாக்கியக் கடைசியில் கண்ணில்லாமல் வரும் `)))` புன்னகை, யாரும் அடைப்புக்குறியைத் தவறுதலாக அழுத்திவிடவில்லை. நம் 🙏 வணக்கமா, நன்றியா, "ஆளை விடு சாமி"யா என்பது முன்னால் இருக்கும் வரியைப் பொறுத்தது. அந்தச் செய்தியில் அது மூன்றாவது. படத்தை அப்படியே கடத்தினால் முதலிரண்டில் ஒன்றாகத்தான் படிக்கப்படும். அதனால் படத்தை எடுத்துவிட்டுத் தொனி வரியில் சேர்த்துவிடுவேன்.

திரும்பி வரும் பாதையில் நான் செய்வது குறைவு. மூவரின் பதிலும் வறண்டு, நேராக இருக்கும். அதற்குத் தமிழில் சுவை கூட்டலாமே என்று கை பரபரக்கும். ஏற்கெனவே கேலி செய்தவரிடம் நாமும் ஒரு மரபுத்தொடரைப் போட்டுப் பேசினால் அது பதில் கேலியாகவே காதில் விழும். "நக்கலா?" என்று கேட்டவருக்கு நான் எழுதியது இதுதான்: முன்பு அனுப்பிய பதில் உங்கள் செய்தியைத் தவறாகப் புரிந்துகொண்டு எழுதியது, தவறு மொழிமாற்றத்தில் நடந்தது, மன்னிக்கவும், இரண்டு பிழைகளும் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டன, அடுத்த பதிப்பில் திருத்தம் வருகிறது. வியப்புக்குறி ஒன்றுகூட இல்லை.

திருத்தம் வந்த பிறகு அவரிடமிருந்து இப்படி வந்தது: "இப்போ டாண்ணு ஆறுக்கு அடிக்குது. எழுப்பி விட்டுட்டீங்களே பாவிகளா 😂"

அலாரம் இப்போது சரியாக வேலை செய்கிறது, பயனருக்கு மகிழ்ச்சி, வசைச்சொல் செல்லமாகச் சொன்னது என்று எழுதி அனுப்பினேன். போர்த்துகீசியக்காரர் உடனே கேட்டார்: "நிச்சயமாகத்தானே? கோப்பை மூடலாமா?"